30 கிலோ ரிப்பும் ஒரு கடிதமும்

திருப்பூரில் பனியன் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குப் போகும் போன்களில் அடிக்கடி காதில் விழுவது ஒரே கேள்விதான்: "ஏனுங்கண்ணா, துணி எப்பங்க வரும்?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "மெஷின்ல இருக்குதுங்க, நாளைக்கு வந்துருமுங்க." மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் குரல் உயரும். நான்காம் நாள் முதலாளியே பேசுவார். ஐந்தாம் நாள் துணி வந்து இறங்கும்போது அதில் கழுத்துப்பட்டிக்கான ரிப் துணி இருக்காது.

இத்தனை பேச்சில் எழுத்தில் இருப்பது எது என்று பார்த்தால், வாட்ஸ்அப்பில் "அர்ஜென்ட்" என்ற சொல் ஏழெட்டு முறை இருக்கும், அவ்வளவுதான். எந்த நிறம், எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு மேல் போனால் என்ன கெடும் என்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதை எழுதுவதுதான் தேதி தவறிய சப்ளையருக்குக் கடிதம் எழுதுவது. கோபத்தைத் தாளில் இறக்கி வைப்பதற்கு அந்தக் கடிதம் தேவையில்லை. அதற்குப் போனே போதும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் வேலை நடக்கும் வரிசை இந்தத் தொழிலில் உள்ளபடியே.

ஒரு கம்பெனிக்கு 12,000 டி-ஷர்ட் ஆர்டர். வெள்ளை, கறுப்பு, நேவி, சிவப்பு என நான்கு நிறம். நிறத்துக்கு 3,000 பீஸ். ஒரு பீஸுக்குக் கால் கிலோ துணி என்று வைத்தால் மொத்தம் 3,000 கிலோ, ஒவ்வொரு நிறத்துக்கும் 750 கிலோ. அந்த 750-ல் 720 கிலோ உடம்புத் துணி, 30 கிலோ கழுத்துக்கான ரிப். நூல் வாங்கி, நிட்டிங்கில் ஓட்டி, கிரே துணியாகச் சாயப்பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். துணி கம்பெனியுடையது, பட்டறைக்குச் சாயக் கூலி மட்டும். ஜூலை 6, சனிக்கிழமை நான்கு நிறமும் வந்து சேர வேண்டும். மாதக் கடைசியில் தூத்துக்குடியில் கப்பல்.

6-ம் தேதி மாலை வந்தது என்ன? வெள்ளை முழுதாக வந்தது. கறுப்பில் உடம்புத் துணி மட்டும் வந்தது, ரிப் வரவில்லை. நேவியும் சிவப்பும் வரவே இல்லை.

இந்த இடத்தில் கம்பெனியில் எல்லோரும் நேவி, சிவப்பு என்றுதான் கத்துவார்கள். 1,500 கிலோ துணி கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை. ஆனால் கடிதம் எழுத உட்காருகிறவர் முதலில் எடுக்க வேண்டியது பேனாவை அல்ல, நாட்காட்டியை. கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

துறைமுகத்தில் சரக்கு சேர வேண்டிய கடைசி நாள் 31. லாரி 29 திங்கள் இரவு புறப்பட வேண்டும். பையரின் ஆள் வந்து இன்ஸ்பெக்‌ஷன் செய்வது 27. அதற்கு முன் 26-க்குள் செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் முடிய வேண்டும். இவை தையலுக்கு மூன்று நாள் பின்னால் ஓடும் வேலைகள். ஆகவே தையல் 23-ல் முடிய வேண்டும். பவர் டேபிளில் ஒரு நாளைக்கு 1,000 பீஸ் என்றால், ஞாயிறு விட்டு 12 வேலை நாள். 10-ம் தேதி புதன் தையல் தொடங்கினால் 23 செவ்வாய் முடியும். பின்னலாடைத் துணியை ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் தளர விட்டுத்தான் வெட்டுவார்கள். இழுப்பிலேயே வெட்டினால் தைத்த பிறகு அளவு சுருங்கும். வெட்டுக்கு இரண்டு நாள். ஆக, ஒரு நிறம் தையலுக்கு ஏறுவதற்கு மூன்று நாள் முன்னால் துணி கம்பெனிக்குள் இருந்தால் போதும்.

இப்போது நிறங்களை வரிசையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை 10, 11, 12 தேதிகளில் தைக்கப்படும். கறுப்பு 13, 15, 16. நேவி 17, 18, 19. சிவப்பு 20, 22, 23. நேவி 17-ல் தையலுக்கு வர வேண்டுமானால் துணி 13 சனிக்கிழமை மாலை வந்தால் போதும்; ஞாயிறு தளர விட்டு, 15, 16-ல் வெட்டிவிடலாம். சிவப்பு 17 காலை வந்தால் போதும்.

எல்லோரும் பதறிக்கொண்டிருந்த நேவிக்கும் சிவப்புக்கும் இன்னும் நாள் இருக்கிறது. அவசரம் வேறெங்கோ இருக்கிறது. கறுப்பு உடம்புத் துணியை வெட்டி வைக்கலாம். ஆனால் 13-ம் தேதி கழுத்து ஏற்ற ரிப் வேண்டும். அது 11 வியாழன் வந்தாக வேண்டும். 30 கிலோ. இந்த 30 கிலோ இல்லாவிட்டால் 720 கிலோ கறுப்புத் துணி மேஜை மேல் கிடக்கும். 13-ம் தேதி காலை டேபிளில் உட்காரும் 35 பேருக்கும் வேலை இருக்காது. பட்டறைக்காரருக்கோ அது மெஷினில் ஏறாமல் நின்ற ஒரு மூட்டை. அவர் நினைவிலேயே இருக்காது.

நல்ல கடிதத்துக்கும் வெறும் புலம்பலுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. எல்லாமே இன்றைக்கே வேண்டும் என்று எழுதினால் பட்டறைக்காரர் நம்ப மாட்டார். அவருக்கு நாற்பது கம்பெனியிலிருந்து அதே வரி வருகிறது. உண்மையான கடைசித் தேதியைச் சொல்கிறவரைத்தான் அவர் மெஷின் வரிசையில் முன்னால் எடுத்து வைக்க முடியும். பலருக்கு இதில் ஒரு பயம் உண்டு: 17 வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் 17 வரை இழுத்துவிடுவாரே என்று. இழுக்கலாம். ஆனால் பொய்த் தேதி ஒன்றைச் சொல்லி, அது தாண்டியும் ஒன்றும் கெடவில்லை என்று அவர் கண்டுகொண்டால், அடுத்த ஆர்டரில் நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது.

எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி. நம் பக்கத்தில் என்ன தாமதம் என்று கோப்பைப் புரட்ட வேண்டும். சாயமேற்றும் முன் பட்டறை சிறு துண்டில் நிறம் போட்டு அனுப்பும். அதை லேப் டிப் என்பார்கள். கம்பெனி பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் முழு லாட் ஏறும். நம் கணக்கில் சிவப்பு லேப் டிப்புக்கு ஒப்புதல் இரண்டு நாள் தாமதமாகப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடிதத்திலேயே ஒத்துக்கொள்வது நல்லது. நாம் மறைத்தால் அவர் பதிலின் முதல் வரியே அதுவாகத்தான் இருக்கும். மற்ற நிறங்களுக்குப் பதில் வராது.

இனி கடிதம். 8-ம் தேதி திங்கள் காலை எழுதப்படுகிறது.

*மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.*

*எங்கள் ஜாப் ஒர்க் ஆர்டரின்படி ஜூலை 6 அன்று நான்கு நிறத்திலும் சேர்த்து 3,000 கிலோ துணி வந்திருக்க வேண்டும். அன்று மாலை வெள்ளை 750 கிலோவும் கறுப்பு உடம்புத் துணி 720 கிலோவும் வந்தன. கறுப்பு ரிப் 30 கிலோ, நேவி 750 கிலோ, சிவப்பு 750 கிலோ இன்று காலை வரை வரவில்லை. சிவப்பு லேப் டிப்புக்கு எங்கள் ஒப்புதல் இரண்டு நாள் தாமதமாக வந்தது. ஆகவே சிவப்புக்கு உரிய தேதி 8 என்றே எடுத்துக்கொள்கிறோம்.*

*இதனால் எங்களுக்கு ஆவது இது. எங்கள் தையல் 10-ம் தேதி வெள்ளையில் தொடங்குகிறது. கறுப்பு 13-ல் ஏறுகிறது. ரிப் 11-ம் தேதி மாலைக்குள் வராவிட்டால் 13-ம் தேதி ஒரு டேபிள், 35 பேர், வேலையின்றி நிற்கும். நேவி 13-ம் தேதி மாலைக்குள்ளும் சிவப்பு 17-ம் தேதி காலைக்குள்ளும் வந்தால் எங்கள் ஷிப்மெண்ட் தவறாது. சிவப்பு அதன் பிறகு வந்தால் இரண்டு நாள் வரை ஓவர்டைம் போட்டுச் சமாளிப்போம். 19-ஐத் தாண்டினால் சிவப்பு 3,000 பீஸும் கப்பலைத் தவறவிடும். விமானத்தில் அனுப்ப நேரும்.*

*ஈடுகட்ட நாங்கள் கேட்பது: கறுப்பு ரிப்பை உங்கள் சிறிய மெஷினில் 9-ம் தேதி ஏற்றுங்கள், ஏற்கெனவே வந்த உடம்புத் துணியின் துண்டை இத்துடன் அனுப்பியுள்ளோம், அதற்குப் பொருத்துங்கள். நேவியை 10-ம் தேதிக்குள் ஏற்றுங்கள், ரிப்பும் உடம்புத் துணியோடு அதே லாட்டில். முதல் லாட் இறங்கியதும் துண்டு அனுப்பினால் எங்கள் ஆள் இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்புதல் தருவார், இரவானாலும். சிவப்பு 12-ம் தேதி மாலைக்குள் மெஷினில் ஏற வேண்டும். அன்று ஏறாவிட்டால் சிவப்புக் கிரே துணியை அன்றே திரும்ப எடுத்து வேறு இடத்தில் சாயமேற்றுவோம். காம்பேக்டிங்கையும் வாஷ் டெஸ்ட்டையும் நேரம் கருதி விட்டுவிட வேண்டாம்.*

*துணியை எடுத்து வர எங்கள் வண்டியை அனுப்புகிறோம்; முழு லாட்டுக்குக் காத்திராமல் முடிந்த ரோல்களைத் தந்துவிடலாம். இந்தத் தேதிகள் முடியுமா, முடியாவிட்டால் எந்தத் தேதி முடியும் என்பதை இன்று மாலை 5 மணிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.*

*தாமதமாக வரும் துணியை நாங்கள் ஏற்பதும், புதிய தேதிகளுக்கு ஒத்துக்கொள்வதும், 6-ம் தேதி தவறியதால் வரும் நஷ்டத்தைக் கேட்கும் எங்கள் உரிமையைக் கைவிடுவதாகாது.*

*இப்படிக்கு…*

ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. பையரின் பெயர் இல்லை, டி-ஷர்ட் விலை இல்லை. அவை பட்டறைக்குத் தேவையில்லாதவை; நாளை வேறு எங்காவது போய்ச் சேரக்கூடியவை. "நம்பிக்கைத் துரோகம்", "இனி உறவே இல்லை" போன்ற சொற்களும் இல்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர் 9-ம் தேதி காலை நமக்காகச் சிறிய மெஷினைக் காலி செய்ய வேண்டியவர்.

ஈடுகட்டும் திட்டத்தை நாமே எழுதித் தருவதை வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. தவறியது அவர், திட்டமும் அவரே தரட்டும் என்பார்கள். நியாயம்தான், ஆனால் பயன் இல்லை. "சீக்கிரம் அனுப்பவும்" என்ற கடிதத்துக்குச் "சீக்கிரம் அனுப்புகிறோம்" என்றுதான் பதில் வரும். மெஷின், லாட், தேதி என்று எழுதினால், முடியும் அல்லது முடியாது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படி எழுத, பட்டறை எதனால் பின்தங்குகிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். "நைட் ஷிப்ட் ஓட்டுங்கள்" என்று கேட்பது எளிது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு மெஷின் நேரம் மட்டும் எல்லை அல்ல. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையில் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த பட்டறைகள் அங்கே தமக்கு ஒதுக்கப்பட்ட அளவுக்குள்தான் நீரை அனுப்ப முடியும். மெஷின் சும்மா நிற்கும். கழிவுநீரை வாங்க இடம் இருக்காது. அந்த நிலையில் இரவு முழுக்க ஓட்டச் சொன்னால் அவரால் முடியாது. நமக்கு முன்னால் இருக்கும் யாருடைய லாட்டைத் தள்ளி வைக்கலாம் என்றுதான் யோசிக்க முடியும். அதனால்தான் 30 கிலோ ரிப்பைச் சிறிய மெஷினில் கேட்கிறோம். தண்ணீரும் கொஞ்சம், பெரிய லாட் எதுவும் இடம்பெயர வேண்டியதில்லை.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் நிறம் பிசகி மறுபடி ஓட்டுவது. நேவி, சிவப்பு மாதிரி அடர்ந்த நிறங்களில் இது அடிக்கடி நேரும். அப்போது அவசரப்படுத்தினால் ஆபத்து. நிறத்தை உரித்து மறுபடி ஏற்றினால் துணியின் பலம் குறையும், தொட்டால் முரடாக இருக்கும். காம்பேக்டிங் என்பது துணியை ஏற்கெனவே சுருங்க வைத்து நிலைப்படுத்தும் வேலை. நேரம் மிச்சம் பிடிக்க அதை ஓட்டமாக ஓட்டித் தள்ளினால் முதல் சலவையில் டி-ஷர்ட் தொப்புளுக்கு மேல் ஏறும். தேதிக்கு வந்த துணி இன்ஸ்பெக்‌ஷனில் தள்ளுபடியானால் தாமதத்தைவிடப் பெரிய நஷ்டம். கடிதத்தில் வாஷ் டெஸ்ட்டை விட வேண்டாம் என்ற வரி அதற்காகத்தான்.

ரிப் ஏன் அதே லாட்டில் ஏற வேண்டும் என்றும் கேட்கலாம். ஒரே சாயக் குளியலில் போனால்தான் கழுத்தும் உடம்பும் ஒரே நிறமாக இருக்கும். கறுப்பில் அந்த வாய்ப்பு போய்விட்டது. இப்போது தனியாக ஓட்டித்தான் பொருத்த வேண்டும். வந்த உடம்புத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கூடவே அனுப்பாமல், பழைய லேப் டிப்புக்குப் பொருத்தச் சொன்னால் இரண்டும் ஒரு சாயல் தள்ளி நிற்க வாய்ப்பு அதிகம். லாட்டாக இறங்கிய நிறமும் லேப் டிப்பும் எப்போதும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை.

சிவப்புக்கு 12-ம் தேதி என்று கெடு வைத்ததும் கணக்குப் போட்டுத்தான். வேறு பட்டறைக்குக் கொண்டு போனால் அங்கே புதிதாக லேப் டிப் போட வேண்டும், இரண்டு நாள். சாயமும் ஃபினிஷிங்கும் இன்னும் இரண்டு மூன்று நாள். 12 மாலை எடுத்தால்தான் 17 காலை கைக்கு வரும். 15 வரை பொறுத்துவிட்டு "எடுத்துக்கொள்வோம்" என்று மிரட்டுவதில் அர்த்தமில்லை, எடுத்தாலும் கப்பல் போய்விடும். மாற்று வழி மூடும் நாள் எதுவோ அதுவே கெடுவாக இருக்க வேண்டும். பலர் தேவைப்படும் நாளையே கெடுவாக வைத்துவிடுகிறார்கள்.

இனி பதில். "8-ம் தேதி கடிதம் கிடைத்தது, ஏற்பாடு செய்கிறோம்" என்று வந்தால் அது பதில் அல்ல. மறுபடி போன் செய்து, ஒவ்வொரு தேதிக்கும் முடியும், முடியாது வாங்கி, அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும், அந்த வேலை முடியாமல் தரவே முடியாத ஏதோ ஒன்றைக் கேட்பது நல்லது. "மெஷின்ல இருக்குதுங்க" என்றால் லாட் நம்பரும் பேட்ச் கார்டின் படமும் கேளுங்கள். "இறங்கிடுச்சுங்க" என்றால் அந்த லாட்டில் வெட்டிய துண்டு வேண்டும். காம்பேக்டிங் முடிந்தது என்றால் ரோல் வாரியாக எடை எழுதிய பட்டியல் வரும். வண்டி கிளம்பிவிட்டது என்றால் டி.சி. எண் இருக்கும். இவற்றில் எதைக் கேட்டாலும் "கொஞ்சம் பொறுங்க, பாத்துச் சொல்றேனுங்க" என்று வந்தால், அந்தக் கட்டம் இன்னும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நம் தையல் வரிசையை மாற்றத் தொடங்கிவிடலாம்.

கடிதத்தின் கடைசிப் பத்தி வெறும் மிடுக்குக்காகச் சேர்த்ததல்ல. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55-ம் பிரிவு தேதி தவறுவதைப் பற்றியது. நேரமே முக்கியம் என்று இருவரும் கருதிச் செய்த ஒப்பந்தத்தில் ஒருவர் தேதி தவறினால் மற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ரத்து செய்யாமல் தாமதமாக வந்த பொருளை வாங்கிக்கொண்டால்? அப்படி வாங்கும்போதே "நஷ்டஈடு கேட்பேன்" என்று அறிவிக்காவிட்டால், பிறகு அந்தத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. துணியை இறக்கி, வெட்டி, தைத்து, கப்பலேற்றி, இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது டெபிட் நோட் போடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அறிவிப்பு இல்லாமல் போட்ட அந்த டெபிட் நோட் வழக்கென்று வந்தால் தடுமாறும்.

எவ்வளவு கேட்கலாம் என்பது 73-ம் பிரிவு. அதன் பின்னால் இங்கிலாந்தில் 1854-ல் தீர்ப்பான ஹாட்லி - பாக்ஸண்டேல் வழக்கு நிற்கிறது. குளோஸ்டரில் ஒரு மாவு ஆலையின் தண்டு உடைந்தது. புதியது செய்வதற்கு மாதிரியாக உடைந்ததைக் கிரீன்விச்சுக்கு அனுப்பினார்கள். ஏற்றிச் சென்ற நிறுவனம் சில நாள் தாமதம் செய்தது. அந்த நாட்களில் ஆலை நின்று போனதால் இழந்த லாபத்தைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மாற்றுத் தண்டு இல்லை, ஆலையே நின்றுகொண்டிருக்கிறது என்பது ஏற்றிச் செல்பவருக்குத் தெரியப்படுத்தப்படவில்லை என்றது நீதிமன்றம். நம் சட்டமும் அதே வழிதான்: தாமதத்தால் இயல்பாக விளையும் நஷ்டம், அல்லது ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டம் மட்டுமே. தூரத்து நஷ்டங்கள் சேராது. நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்தாரா என்பதும் கணக்கில் வரும். ஓவர்டைம் போடுவோம், வண்டி அனுப்புவோம், வேறு பட்டறைக்கு எடுத்துப் போவோம் என்ற வரிகள் அந்த இடத்தில் நமக்குச் சாட்சியாகும்.

கவனியுங்கள், ஒப்பந்தம் செய்யும்போதே தெரிந்திருக்க வேண்டும். 8-ம் தேதி கடிதத்தில் முதல் முறையாக விமானக் கூலி பற்றிச் சொல்வதால் அது பட்டறையின் தலையில் ஏறிவிடாது. ஜாப் ஒர்க் ஆர்டரில் கப்பல் தேதி எழுதியிருந்ததா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

விமானக் கூலியைக் கணக்குப் போட்டால் இன்னொன்றும் தெரியும். சிவப்பு 3,000 பீஸ் பெட்டியோடு 660 கிலோ என்று வையுங்கள். கிலோவுக்கு 300 ரூபாய் என்றால் 1,98,000 ரூபாய். அந்தச் சிவப்புத் துணிக்குச் சாயக் கூலி, கிலோவுக்கு 120 என்றால், 90,000 ரூபாய். அதுவும் மொத்தக் கூலி. சாயம், உப்பு, விறகு, மின்சாரம், கழிவுநீர்ச் செலவு எல்லாம் போக மிஞ்சுவது அதில் சிறு பகுதி. இரண்டு லட்சத்தை அவரிடம் வசூலிக்க முடியும் என்று நினைத்து நாளைக் கடத்துவது கம்பெனிக்கும் நல்லதல்ல. 8-ம் தேதி எழுதும் கடிதம் அந்த இரண்டு லட்சம் உண்டாகாமல் தடுப்பதற்கு.

பில்லை நிறுத்தி வைத்துப் பழிதீர்க்கிற வழி ஒன்று உண்டு. அதில் கால் வைக்கும் முன் 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்த குறு, சிறு தொழிலாக அந்தப் பட்டறை இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வந்த துணியில் ஆட்சேபம் இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். போனில் திட்டியது ஆட்சேபமாகாது.

கடிதத்தை எப்படி அனுப்புவது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. மின்னஞ்சலில் அனுப்பி, அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டு, போன் செய்து "அனுப்பியிருக்கேனுங்கண்ணா, பாத்துருங்க" என்று சொல்லிவிடலாம். கடிதம் கண்டதும் மனம் கோணுகிறவர்கள் உண்டு. முன்கூட்டிச் சொன்னால் அந்தக் கோணல் பாதி குறையும். சண்டையாக முடியும் என்று தோன்றினால் மட்டும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு பிரதி போகட்டும்.

கறுப்பு ரிப் 11-ம் தேதி வந்து, நேவி 13-ல் வந்து, சிவப்பும் 17-க்குள் வந்துவிட்டால் கேட்க நஷ்டம் எதுவும் பெரிதாக இருக்காது. அப்போது "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, இந்த ஆர்டரில் தாமதத்துக்காக நாங்கள் எதுவும் கேட்கவில்லை" என்று இரண்டு வரி எழுதி விஷயத்தை மூடிவிடுங்கள். அடுத்த ஆர்டருக்குக் கிரே துணி அனுப்பும்போது ஜாப் ஒர்க் தாளில் கிலோவுக்கும் கூலிக்கும் கீழே நிறவாரியான தேதி, ரிப் அதே லாட்டில் என்ற குறிப்பு, துறைமுகத்தின் கடைசி நாள், அது தவறினால் விமானத்தில் அனுப்ப நேரும் என்ற வரி ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, பட்டறையின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.